கர்ச்சீப்பில் ஏறிய சிவப்பு

எங்கள் வீட்டில் மீன் வியாபாரம். தக்கலைப் பக்கத்துக் கல்லூரியில் நான் வேதியியல் படித்த மூன்று வருடமும் என் பையை மோந்து பார்க்காத ஆள் குறைவு. அதனால் யாரைக் கண்டாலும் எனக்கும் சந்தேகம்தான்.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தது அசோ சாயம், அதாவது பருத்தித் துணியில் சிவப்பு ஏற்றுவது. பாரா-நைட்ரோஅனிலினை அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டிக்குள் வைத்து, சோடியம் நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கிடைக்கும் டைஅசோனியம் உப்பைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடேறினால் நைட்ரஜன் குமிழிவிட்டுக் கெட்டுப்போகும். கல்லூரி ஃப்ரிட்ஜை நான் நம்பவில்லை. வீட்டு மீன் பெட்டியில் பொடி ஐசையும் கல்லுப்பையும் அடைத்துக் கொண்டுபோனேன். நினைத்தபடியே காலையில் கரண்ட் போயிற்று.

மற்றவர்கள் சாயத்தைத் தனியாகச் செய்து அதில் துணியை முக்கினார்கள். சோப்புப் போட்டதும் பாதிச் சிவப்பு தண்ணீரோடு போனது. டைஅசோனியத்தோடு சேர்ந்து சிவப்பாவது பீட்டா-நாப்தால்; நான் துணியை முதலில் அதன் காரக் கரைசலில் நனைத்துக் காயவைத்து, பிறகு குளிர்ந்த டைஅசோனியம் கரைசலில் இறக்கினேன். நூலுக்குள்ளேயே உண்டான சாயம் சோப்புக்கு அசையவில்லை.

அதுவே வினையாயிற்று. வெளியூர்த் தேர்வாளர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"கடையில வாங்கின துணியா?"

"இல்ல சார். இப்பம் போட்டதாக்கும்."

"பெட்டியில என்ன?"

"ஐசு."

"ஐசு மட்டும்தானா?"

மூடியைத் திறந்ததும் சாளை மீன் மணம் அவர் முகத்தில் அடித்தது. ஆனாலும் கையை விட்டு அடிவரை துழாவினார். முறைகேடு என்று எழுதிவிட்டால் என் தேர்வு ரத்து, டிகிரி அம்போ. பக்கத்து மேசைக்காரி குனிந்த தலை நிமிராமல் ஒரே குழாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இவள்தான் போட்டுக்கொடுத்திருப்பாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், ஒங்க கர்ச்சீப்பு பருத்திதானே?"

"ஏன்?"

"என் துணியை நம்ப மாட்டீங்க. ஒங்க துணியை நம்புவீங்கல்லா."

அரை மனதோடு தன் வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்தார். கையுறை போட்டு அவரே நாப்தாலில் நனைத்துப் பிழிந்தார். என் சந்தேகமெல்லாம் மீதியிருந்த டைஅசோனியம் கரைசல் மேல்தான். இவ்வளவு பேச்சில் அது சூடேறியிருந்தால் நான் தொலைந்தேன். தெர்மாமீட்டரைப் பார்த்தேன். மூன்று டிகிரி. மீன் பெட்டி கைவிடவில்லை.

இடுக்கியால் கர்ச்சீப்பை உள்ளே விட்டார். தொட்ட இடமெல்லாம் குப்பென்று சிவந்தது. அப்போதும் விடவில்லை, தொட்டிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கசக்கினார். முதல் தண்ணீரில் கொஞ்சம் நிறம் வந்தது, பிறகு தெளிந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி தன் சோப்பையும் நீட்டி, "இதையும் போட்டுப் பாருங்க சார்" என்றாள். உதவியா உபத்திரவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் கர்ச்சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இது வெளுக்காதா?"

"வெளுக்காது சார். வெளுத்தா நான் பொய் சொன்னதா ஆயிரும்."