கடனுக்கு லீவு

என் அக்காவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரே ஒரு வார்த்தை. லீவு. அதைச் சொன்ன வங்கி அதிகாரி நல்ல மனுஷர்தான். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று எளிமையாகச் சொன்னார். அவர் கொஞ்சம் கடினமாகவே பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

காது கேளாதவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் படிப்பில் அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. நாலு வருஷம், ஐந்து லட்சம் கடன். அப்பா கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். "எப்ப சார் கட்ட ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

"படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கடனுக்கு லீவுங்க. அதுக்கப்புறம் மாசா மாசம் கட்டினா போதும்."

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் பட்டறையில் லீவு என்றால் சம்பளம் கிடையாது. அன்றைக்கு மெஷினும் ஓடாது, காசும் ஓடாது. அதிகாரிக்கோ லீவு போட்டாலும் சம்பளம் வரும். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பேசிவிட்டு, சிரித்துக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். பத்திரத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. நாங்கள் யாரும் படிக்கவில்லை. இப்போது ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்திப் பிழைக்கும் நான்கூட, அன்றைக்கு அந்தத் தாளில் கப்பல் செய்யலாமா என்றுதான் பார்த்தேன்.

படிப்பு முடிந்ததும் அக்காவுக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. காது மிஷின் விற்கும் கடையில் இருபத்தாறாயிரம், விற்பனைக்குக் கமிஷன் தனி. குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தில் பதினாலாயிரம். அக்கா கணக்குப் போட்டாள். ஐந்து லட்சத்துக்குப் பத்து வருஷத் தவணை என்றால் மாசம் ஆறாயிரத்து அறுநூறு. மீதியில் ஓட்டிவிடலாம். மையத்தில் சேர்ந்தாள்.

அங்கே வேலை பார்த்த பத்து மாதமும் வீட்டில் அவள் வாய் ஓயவில்லை. சாப்பிடும்போதும் சுண்டெலி புராணம்தான். சுண்டெலி என்பது அவளிடம் வந்த நாலு வயதுப் பெண்குழந்தை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, அப்போதுதான் மிஷின் மாட்டியிருந்தார்கள். சத்தம் கேட்டால் ஒரு மரக்கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். மூன்று வாரம் அந்தக் குழந்தை கட்டையைக் கடித்துக்கொண்டே இருந்ததாம். ஒருநாள் டொக்கென்று போட்டது. அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து என் தலையில் டொக்கென்று குட்டினாள். அப்புறம் தொண்டையில் கைவைத்து அதிர்வை உணர வைக்கும் பயிற்சி. "ம்" வந்தது. "ம்மா" வந்தது. "அடுத்த வருஷம் பாருடி, உன்னை மாதிரி வாயாடியா ஆக்கிடறேன்" என்றாள்.

லீவு முடியப் போகிறதே என்று அக்காவும் அப்பாவும் வங்கிக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். இப்போது வேறொரு அதிகாரி. திரையைப் பார்த்து, "ஆறு லட்சத்து எழுபத்தஞ்சாயிரம். மாசம் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் வருது" என்றார்.

"சார், நாங்க வாங்கினது அஞ்சுதான்" என்றார் அப்பா.

"பணம் கொடுத்த நாள்லேருந்து வட்டி ஓடுதுங்க. இப்ப அதை அசலோட சேர்க்கிறோம்."

"லீவுன்னு சொன்னாங்களே!"

"கட்டறதுக்குத்தாங்க லீவு. வட்டிக்கு லீவு இல்ல."

அப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அதிகாரி ஒரு வழியும் சொன்னார். தவணையைப் பதினைந்து வருஷமாக்கினால் மாசம் ஏழாயிரத்து இருநூற்றுச் சொச்சம்தான், மொத்த வட்டி கூடும். அக்கா சரியென்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் வைத்து அப்பா வெடித்தார்.

"பதினஞ்சு வருஷமா? நான் இருப்பேனோ மாட்டேனோ! கடன் வாங்கினவன் கண்ணை மூடினா நிம்மதியா மூட வேணாமா? நான் ரெண்டு ஷிப்ட் பாக்கறேன். நீ அந்தப் புள்ளைங்களோடயே இரு."

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பட்டறைச் சத்தத்தில் காது ஏற்கெனவே பாதி போயிருந்தது. அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம்ப்பா. கடைக்கே போறேன். ரெண்டு வருஷம்தானே, பாதியை அடைச்சுட்டுத் திரும்பிடுவேன்" என்றாள்.

முதல் சம்பளம் கடைசிச் சம்பளம் இல்லை என்று அந்தச் சமையலறையில் யாருக்கும் தோன்றவில்லை. பதினைந்து வருஷத்துக்குப் போட்டுவிட்டு, சம்பளம் ஏற ஏற முன்கூட்டியே கட்டியிருக்கலாம். அதற்கு அபராதம்கூடக் கிடையாது. பயந்தவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்களுக்குப் பதினைந்து என்ற எண் பேயாகிவிட்டது.

கடையில் அக்கா கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள். மாசத்துக்கு இத்தனை ஜோடி விற்றாக வேண்டும். ஒரு மிஷின் போதும் என்று வரும் பெரியவரை இரண்டு வாங்க வைக்க வேண்டும். வீட்டில் பேச்சு குறைந்தது. நான் கல்லூரி சேர்ந்தபோது மட்டும் வாயைத் திறந்தாள். "இவளுக்குக் கடன் வேணாம். நான் கட்டறேன்." அவள் அடைப்பதாகச் சொன்ன பாதி என் படிப்பில் கரைந்தது. எனக்குப் பிடித்த குறைந்த சம்பள வேலையில் நான் இன்று ஜம்பமாக உட்கார்ந்திருப்பது அவள் பணத்தில்தான். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

மூன்றாவது வருஷம் சுண்டெலியின் அம்மா கடைக்கு பேட்டரி வாங்க வந்தாள், குழந்தையோடு. மையத்தில் அதன் பிறகு நாலு பேர் மாறிவிட்டார்களாம். அந்தச் சம்பளத்துக்கு யார் நிலைப்பார்கள்? ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்களாம். "இன்னும் ம்மாதான் சொல்றா மேடம்" என்றாளாம் தாய். குழந்தை மேஜையைச் சுற்றி வந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அன்றிரவு இதைச் சொல்லிவிட்டு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவள் அழுதாள். நானும் அழுதேன்.

பத்து வருஷக் கடனை எட்டு வருஷத்தில் முடித்தாள். பாக்கி இல்லை என்ற கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தாள். அதற்குள் அவர் வேலையை விட்டிருந்தார், காது முக்கால்வாசி போயிருந்தது. அக்காவே மிஷின் மாட்டிவிட்டிருந்தாள். அவர் கடிதத்தை இரண்டு தடவை, வரி வரியாகப் படித்தார்.

"இப்பவாவது மையத்துக்குப் போயேன்க்கா" என்றேன்.

"போன மாசம் போனேன். பதினெட்டாயிரம் தர்றாங்களாம். எதிர்ல ஒரு குழந்தையை உக்கார வச்சாங்க. என்ன செய்யணும்னு எனக்குக் கை வரலடி. எந்த மிஷின் விக்கலாம்னுதான் மனசு ஓடிச்சு." சிரித்தாள். "அந்தப் பத்து மாசம்தான் எனக்கு லீவு. அது முடிஞ்சுபோச்சு."

தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அப்பாவுக்கு மாட்டியிருந்தது நல்ல மிஷின், கடையிலேயே உசத்தியானது. அப்பா மெல்ல அதைக் காதிலிருந்து கழற்றி, கடிதத்தின் மேல் வைத்தார். அன்றைக்கு முழுக்க அவர் அதை மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.