தம்பி சொல்லாமல் விட்டது

யோகாம்பாள் அக்காவை நான் முதலில் சந்தித்தது ஒரு குழந்தைகள் இதய மருத்துவரின் அறையில். 1997ஆம் ஆண்டு பங்குனி மாதம். அந்நாட்களில் நான் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரத்தில் மணித்தியாலக் கணக்கில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே கேட்டதை வெளியில் கதைக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. இதை எழுதலாம் என்று யோகக்காவே சொன்னார். "எழுது சிவகலா, ஆருக்காவது உதவும்" என்றார்.

மட்டக்களப்புப் பக்கத்துப் பெண் அவர். கணவர் தவராஜாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் இருந்தார். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. நூற்றிருபது பேருடைய துணிகளில் எந்தச் சட்டை யாருடையது என்று பெயர்த் துண்டைப் பார்க்காமலே சொல்லுவார் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லுவார்கள். அங்கத்தைய மொழியான டொச், அதாவது ஜெர்மன், அவருக்கு வேலைக்கு வேண்டிய அளவுதான் வரும்.

மூத்த மகள் யாதவிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே முகம் குப்புற விழுந்துவிட்டாள். ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிட்டாள் என்றாலும் ஆசிரியை விடவில்லை. குடும்ப வைத்தியரிடம் போய், அங்கிருந்து இந்த மருத்துவரிடம் வந்திருந்தார்கள். ஈசிஜியில் ஏதோ மாற்றம் தெரிந்தது. எக்கோ ஸ்கேனில் இதயத் தசை சற்றுத் தடிப்பாக இருந்தது. ஆனால் அது நோயா, அந்தப் பிள்ளையின் இயல்பா என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

"உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் இதய நோயால் இறந்திருக்கிறார்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

நான் மொழிபெயர்த்து முடிக்க முன்னரே யோகக்காவின் முகம் மாறியது. "என்ட தம்பி. சச்சிதானந்தன். இருபத்தெட்டு வயசு. இஞ்சதான், நாலு வருசத்துக்கு முன்னம்."

"என்ன நோய்?"

"இதயம் எண்டுதான் சொன்னவை. எனக்கு அந்த ஒரு சொல்லுத்தான் விளங்கினது."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். தம்பிக்கு என்ன வந்தது என்று தெரிந்தால் மகளுக்கு என்ன செய்வது என்பது தெளிவாகும் என்றார். அந்த மருத்துவமனையின் சிகிச்சைச் சுருக்கமும், பிரேத பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கையும் வேண்டும். அதுவரைக்கும் யாதவி ஓடக் கூடாது, நீந்தக் கூடாது.

சச்சிதானந்தன் இறந்தது வேறொரு ஊரில், ஒரு மாவட்ட மருத்துவமனையில். அங்கேதான் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கலியாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் ஊரில். இந்த நாட்டில் அவனுக்கு இருந்த சொந்தம் யோகக்கா மட்டும்தான்.

மருத்துவமனைக்கு நான் தொலைபேசி எடுத்தேன். கோப்புகளுக்குப் பொறுப்பான திருமதி எக்லி, தொலைபேசியில் எதுவும் சொல்ல முடியாது, எழுத்தில் கேளுங்கள் என்றார். என்னென்ன எழுத வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொன்னார்: இறந்தவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, மருத்துவமனையில் இருந்த நாட்கள், கேட்பவர் அவருக்கு என்ன முறை, எதற்காகக் கேட்கிறார், எந்த மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். கூடவே அடையாள அட்டையின் பிரதியும் உறவுக்கு ஆதாரமும்.

உறவுக்கு ஆதாரம் என்ற இடத்தில்தான் சிக்கியது. யோகக்காவின் வதிவிட அட்டையில் குடும்பப் பெயர் தவராஜா, கணவருடைய பெயர். தம்பியின் பத்திரங்களில் குடும்பப் பெயர் சின்னத்தம்பி, தகப்பனுடைய பெயர். ஒரு சுவிஸ்காரர் பார்த்தால் இருவருக்கும் தொடர்பே இல்லை. தம்பியின் சாமான்கள் இருந்த பெட்டியைத் தவராஜா பரணிலிருந்து இறக்கினார். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. யோகக்காவினதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் ஒரே தகப்பன், ஒரே தாய். அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து இரண்டையும் டொச்சுக்கு மாற்றி, கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பத்து நாளில் எங்களை வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

டாக்டர் வீஸ் உள்நோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர். சச்சிதானந்தன் இறந்த பிறகுதான் அந்த மருத்துவமனைக்கு வந்தவர். மேசையில் ஒரு மஞ்சள் உறை இருந்தது. யோகக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோப்பு இருக்கிறது" என்றார் டாக்டர். "ஆனால் இன்றைக்கு இதைத் திறந்து காட்ட எனக்கு உரிமை இல்லை. நோயாளி மருத்துவரிடம் சொன்னது இரகசியம். அவர் இறந்த பிறகும் அது இரகசியம்தான்."

நான் சொன்னதும் யோகக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்தார். "நான் அவன்ட கூடப்பிறந்த அக்கா எண்டு சொல்லு."

சொன்னேன். டாக்டர் தலையசைத்தார். "அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் இந்த இரகசியம் உறவினர்களுக்குச் சொத்துப்போல வந்து சேர்வதில்லை. நான் மாநில அரசான கன்டோனின் சுகாதாரத் துறைக்கு எழுதி, இரகசியம் காக்கும் இந்தக் கடமையிலிருந்து என்னை விடுவிக்கும்படி கேட்கவேண்டும். பிள்ளையின் உடல்நிலை பற்றி எழுதுகிறேன். அவசரம் என்றும் எழுதுகிறேன்."

திரும்பி வரும்போது ரயிலில் யோகக்கா யன்னல் பக்கம் இருந்தார். கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சிவகலா, தொண்ணூறாம் ஆண்டு எங்கட பெரியண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார். "ஆமி முகாம் வாசலில அம்மா எத்தினை நாள் நிண்டவ. அப்பிடி ஒரு ஆளே இல்லை எண்டு சொன்னவங்கள். ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. இஞ்ச பார். பாத்திரம் கழுவின பொடியன். விசாவும் இல்லை. அவன் செத்து நாலு வருசம். அவன் என்ன சொன்னவன் எண்டதைத் திறக்க அரசாங்கத்திட்டக் கேக்கோணுமாம்."

கோபம் இல்லை. மிகப் பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறவர் குரலைத் தாழ்த்துவதுபோல அவர் குரல் தாழ்ந்திருந்தது.

ஐந்து கிழமை ஆனது. அவருக்கு அது லேசாகப் போகவில்லை. யாதவி மாடிப்படி ஏறும்போது பின்னால் நின்று படிகளை எண்ணுவார். சலவை இயந்திரத்தின் சத்தத்தில் தொலைபேசி கேட்காமல் போய்விடும் என்று, மேற்பார்வையாளரிடம் சொல்லித் தொலைபேசியின் பக்கத்துக்கே வேலையை மாற்றிக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் அனுமதி வந்தது. முழுக் கோப்புக்கும் அல்ல. நோயைக் கண்டறியத் தேவையானவை மட்டும்: சிகிச்சைச் சுருக்கம், ஈசிஜியும் எக்கோவும், பிரேத பரிசோதனை அறிக்கை. இவற்றை யாதவியின் மருத்துவருக்கு அனுப்பலாம். டாக்டர் வீஸ் பக்கத்தில் இருக்க யோகக்காவும் பார்க்கலாம். அவற்றோடு, தாதி ஒருவர் எழுதிய ஒரே ஒரு தாள்.

டாக்டர் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். 1993 ஆனி மாதம், திங்கட்கிழமை, வேலை இடத்தில் மயங்கி விழுந்து கொண்டுவரப்பட்டவர். இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்தது. குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயாக இருக்கலாம், கூடப்பிறந்தவர்களைப் பரிசோதிப்பது அவசியம். வியாழக்கிழமை அதிகாலை இதயத் துடிப்பு திடீரெனக் குழம்பியது. நாற்பத்தைந்து நிமிடம் முயன்றும் மீளவில்லை. பிரேத பரிசோதனை அதே நோயை உறுதி செய்தது. தம்பி இறந்த அன்று மருத்துவமனையில் தவராஜா ஒரு படிவத்தில் விளங்காமலே கையெழுத்து வைத்திருந்தார்; அது பிரேத பரிசோதனைக்கான சம்மதம்தான்.

நாற்பத்தைந்து நிமிடமும் நிமிட வாரியாக எழுதப்பட்டிருந்தது. என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனையாவது தடவை மின்னதிர்ச்சி, அறையில் நின்றவர்கள் யார். ஆறு பெயர்கள். யோகக்கா அந்தப் பெயர்களை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் தலையை மெல்ல அசைத்தார்.

"கூடப்பிறந்தவர்களைப் பரிசோதிக்கவேண்டும் என்று அப்போதே எழுதியிருந்தால், ஏன் இவருக்குச் சொல்லவில்லை?" என்று நான் கேட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாகக் கேள்வி கேட்கக் கூடாது. ஆனால் வாய் நிற்கவில்லை.

டாக்டர் அந்தத் தாளை எடுத்தார். புதன்கிழமை பின்னேரம் தாதி எழுதியது. 'நோயாளிக்கு இன்று மருத்துவர் நோயை விளக்கினார். விளங்கிக்கொண்டார். அக்காவுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்க இருக்கிறது, இப்போது சொல்லவேண்டாம், பயந்துவிடுவார் என்று கேட்டுக்கொள்கிறார். பிள்ளை பிறந்த பிறகு நானே சொல்லுவேன் என்கிறார். இதை இரண்டு தடவை சொன்னார்.'

அடுத்த நாள் அவன் இல்லை.

"அவர் கேட்டுக்கொண்டபடி இங்கே வாய் திறக்கவில்லை" என்றார் டாக்டர் வீஸ். "பரிசோதனை பற்றிய கடிதம் அவர் பதிந்திருந்த அகதி முகாமுக்குப் பொறுப்பான வைத்தியருக்குப் போயிருக்கிறது. பிறகு அந்த முகாம் மூடப்பட்டது. கடிதம் அங்கேயே நின்றுவிட்டது. வேறு வழியில் உங்களுக்கு அறிவித்திருக்கவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்." பிறகு தாளைச் சுட்டிக்காட்டினார். "அனுமதி கிடைத்ததற்கும் இந்தத் தாள்தான் காரணம். இறந்தவர் உயிரோடு இருந்தால் எதை விரும்பியிருப்பார் என்று கன்டோனில் பார்ப்பார்கள். உங்களுக்குச் சொல்லத்தான் அவர் விரும்பினார். அதை அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்."

யோகக்கா அழுவார் என்று நினைத்தேன். அந்தத் தாளின்மேல் கையை வைக்கலாமா என்று கேட்கச் சொன்னார். டாக்டர் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்த எழுத்தில் ஒன்றும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். தலைமை மருத்துவர் ஒருவர் தன் மணிக்கூட்டைப் பார்க்காமல் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

"ரெண்டு தரம் சொன்னவனாம்" என்றார் என்னிடம். "அவன்ட டொச் சரியான மோசம். விளங்காமப் போயிடும் எண்டு பயந்திருப்பான். அந்தத் தாதிப் பிள்ளை அதையும் எழுதி வச்சிருக்கு."

பிறகு நடந்தவை சுருக்கம். யாதவியின் மருத்துவர் அறிக்கைகளைப் பார்த்ததும் தயங்கவில்லை. அவளுக்கும் மாமனின் நோய்தான். மருந்து தொடங்கினார்கள். ஓட்டப்போட்டிகள் முடிந்தன. அதற்கு அவள் மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. யோகக்காவின் எக்கோவிலும் அதே தடிப்பு இருந்தது. அவர் ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. சின்னவள் கஜேந்தினி, அன்று வயிற்றில் இருந்தவள், அவளிடம் நோயின் அறிகுறி ஒன்றும் தெரியவில்லை. வளர வளரப் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்தத் தாதி வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். யோகக்கா நன்றிக் கடிதம் ஒன்றை என்னைக்கொண்டு எழுதுவித்து மருத்துவமனைக்கு அனுப்பினார். திருமதி எக்லி அதை அவருக்குச் சேர்ப்பித்ததாகப் பதில் எழுதினார்.

அந்தக் கோடையில் யோகக்கா தன் வைத்தியரிடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இரத்த அழுத்தம் பார்த்து முடிந்ததும், தனக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

"என்ன கடிதம்?" என்று வைத்தியர் கேட்டார்.

"நான் செத்தா என்ட பிள்ளையள் என்ட கோப்பைப் பாக்கலாம், ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை எண்டு எழுதோணும். இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

அப்படி எழுதலாம் என்றார் வைத்தியர், சற்று வியப்போடு. தானே தட்டச்சு செய்தார். யோகக்கா இரண்டு மகள்மாரின் பெயர்களையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார். பிழை இருக்கிறதா என்று என்னை இரண்டு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு, தமிழில் கையெழுத்து வைத்தார்.