கொடுத்தவரின் படுக்கை

எங்கள் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். பில் கைக்கு வந்தால் பாலிசி ஏற்காததையெல்லாம் சரக் சரக்கென்று வெட்டுவார்: கையுறை, சோப்பு, துணைக்கு இருந்தவரின் சாப்பாடு. அடுத்த கவுண்டரில் பணம் வாங்கும் எனக்கு அதனால் தினமும் வசவு. வெட்டுகிறவர் அவர், வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான்.

ஆனால் மனுஷர் மோசமில்லை. நோயாளி சேரும்போதே சொந்தக்காரர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். "ஆம்புலன்ஸுக்கு ஒரு வரம்பு உண்டு. அதுவும் இங்க அட்மிட் ஆனாதான். வீட்டுக்குத் திரும்பிப் போற வண்டிக்குக் கிடையாது. பின்னாடி வந்து என்கிட்ட சண்டை போடாதீங்க." தெரியாமல் யாரும் ஏமாறக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு வெறி. பெரிய டாக்டர்கள் "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று கையாட்டிவிட்டுப் போகிற இடத்தில், கத்தரி ஒருத்தர்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்க ஒரு அண்ணன் வந்தார். கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. இரண்டு ஆபரேஷனும் நன்றாக முடிந்தன. நடமாட ஆரம்பித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கே வந்துவிட்டார்.

"சார், நான் படுத்திருக்கிற செலவு யாரு கணக்கு?"

"உங்க தங்கச்சி பாலிசிதான். கொடுக்கிறவருக்கு ஆபரேஷனும் இங்க தங்கற செலவும் அதுலயே வந்துடும்."

"அப்ப அவளுக்கு இருக்கிற தொகையில இருந்துதான் கழியுதா?"

"ஆமா. வருஷத்துக்கு ஒரே தொகை. ரெண்டு பேருக்கும் அதுலதான். டிஸ்சார்ஜ் ஆன பிறகு உங்களுக்கு ஏதாவது ஆனா, அது அவங்க பாலிசியில வராது. உங்களுக்குன்னு தனியா பாலிசி இருக்கா?"

"இல்ல சார். எனக்கு என்ன ஆகப்போகுது?" என்று சிரித்தார். "நான் சீக்கிரம் கிளம்பினா அவளுக்கு மிச்சமாகும், இல்லையா?"

"மிச்சமாகும்தான்."

சொன்னது அத்தனையும் சரி. எதிரில் இருந்தவரின் முகத்தைத்தான் கத்தரி பார்க்கவில்லை, அடுத்த பில்லில் கண் போய்விட்டது.

மறுநாளே அண்ணன் நச்சரித்து டிஸ்சார்ஜ் வாங்கினார். நர்ஸ் பார்க்கும்போது காய்ச்சல் இல்லை. வீட்டிலிருந்து வரவழைத்த காய்ச்சல் மாத்திரையை அதற்கு முன்பே விழுங்கியிருந்தார். விலா ஓரத்து வலியையும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

வீட்டில் காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று மனைவி கேட்டபோதெல்லாம், "எனக்கு வராதுன்னு இன்சூரன்ஸ் சார் சொல்லிட்டாரு" என்று தடுத்திருக்கிறார். கடைசியில் ஆட்டோவில்தான் கொண்டுவந்தாள். உள்ளே சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்திருந்தது. மாத்திரை சங்கதியை அப்போதுதான் அவள் டாக்டரிடம் அழுதுகொண்டே சொன்னாள். ஐசியூவுக்குப் போனவர் திரும்பவில்லை.

கத்தரி அந்தச் செலவைத் தங்கையின் பாலிசியில் கேட்டு எழுதினார். டிஸ்சார்ஜுக்குப் பின் தானம் கொடுத்தவருக்கு ஆகும் சிகிச்சை வராது என்று இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பியது. அதைத்தானே அவரே சொல்லியிருந்தார்? தெரிந்தும் மறுபடி எழுதினார். பதில் மாறவில்லை.

தங்கைக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. அந்தத் தொகையில் கணிசமான பங்கு தொடாமலே கிடந்தது. வருஷம் முடிந்து பாலிசியைப் புதுப்பித்தபோது முழுத் தொகை புதிதாக வந்தது, பழைய மிச்சம் யாருக்கும் ஆகாமல் போனது. அண்ணன் இன்னும் பத்து நாள் படுத்திருந்தாலும் தாங்கியிருக்கும். "தொகை தாராளமா இருக்கு, பயப்படாம படுங்க" என்று ஒரு வார்த்தை! அதைச் சொல்லாமல் விட்டதை நினைத்து நினைத்து மனுஷர் உருகிப்போனார். யாரைத் திட்டுவது?

புதுப்பித்த பாலிசியோடு தங்கை செக்கப்புக்கு வந்தாள். வாட்டம் போய் முகம் தெளிந்திருந்தது. கவுண்டரில் கையூன்றி நின்று கேட்டாள்.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க அண்ணன் ஏன் அவ்வளவு அவசரமா வீட்டுக்குப் போனாரு? அண்ணிகிட்ட கேட்டா அழறாங்க, சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் எண்ணிக்கொண்டிருந்த நோட்டுகளை அப்படியே வைத்துவிட்டேன். கத்தரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில தூக்கம் வரலைன்னு சொன்னாரும்மா. வீட்டுல படுத்தா சரியாயிடும்னாரு."

அந்தக் கவுண்டரில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

"அவ்வளவுதானா?" அவளுக்கு மூச்சு லேசானது. "அண்ணன் உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு சார். இந்த ஆஸ்பத்திரியிலயே எதையும் மறைக்காம சொல்ற ஆளு நீங்கதானாம்."

கத்தரி அவள் பில்லை இழுத்து வைத்துக்கொண்டார். வெட்ட வேண்டியவை அதில் நாலைந்து இருந்தன. பேனாவைத் திறந்தவர் ஒன்றையும் வெட்டாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.