வெளியே போன பதினைந்து டஜன்

பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் எனக்கு இருந்த ஒரே அந்தஸ்து என் இடுப்பில் தொங்கிய சாவிதான். கச்சேரி சாலைக்குப் பின்னால், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் தைக்கும் ஒரு பட்டறையில் நான் குமாஸ்தா. சரக்கறைச் சாவி, சரக்கு வரவுப் புத்தகம், சரக்கோடு அனுப்பும் சலான் புத்தகம் மூன்றும் என் பொறுப்பு. சாவியைக் குலுக்கிக்கொண்டு நடப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். குலுக்கத்தான் செய்தேன்.

அந்தச் சாவியை என் முதலாளி ஒரு திங்கட்கிழமை காலையில் பிடுங்கிக்கொண்டார்.

காரணம் ஒரு துண்டுச் சீட்டு. மாம்பலத்தில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு பெரிய ஸ்டேஷனரி கடை எங்களுக்கு நல்ல வாடிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் அனுப்புவார்கள். அந்தத் தடவை வந்த பணத்தில் பதினோரு ரூபாய் நாலணா குறைந்தது. கூட வந்த சீட்டில், 'திரும்பிய சரக்கு, பதினைந்து டஜன், கழிவு' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தேதி, என்ன குறை, யார் கையில் கொடுத்தது, ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒரு நோட்டுகூடத் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பேன், வரவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும்.

"வரவுப் புத்தகம் எழுதறவன் யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான்."

"அப்போ எழுதாம விடறவனும் நீதானே?"

அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். திரும்பி வந்த சரக்கை நான் வெளியே விற்றுவிட்டேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் சரக்கோ பணமோ வராவிட்டால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது. திருடன் என்று பட்டம் வாங்கியவனை எந்தப் பட்டறையில் சேர்ப்பார்கள்?

அன்று மத்தியானமே தேனாம்பேட்டை வழியாக மாம்பலத்துக்கு நடந்தேன். கடை வாசலிலேயே மேஜை போட்டு ஒரு கணக்கர் உட்கார்ந்திருப்பார். முன்பு கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இருந்தவர். அதை அவரே நாலு தடவை சொல்லிவிடுவார். திரும்பிய சரக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்து. மூன்று தேதிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து டஜன்.

"யார் கையில கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வாசலைத் தாண்டி வெளியே போச்சு. எழுதினேன்."

"வெளியே போய் எங்கே போச்சு?"

"தெருவுல போற சரக்குக்கு நான் பொறுப்பில்ல. வாசலுக்குத்தான் நான் கணக்கு."

இதற்கு மேல் அந்த மனிதரோடு பேசுவதைவிட மேஜையோடு பேசலாம். திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்கு ஐந்து டஜன் போக வேண்டியிருந்தது. வழக்கமாகக் கைவண்டிக்காரர் மட்டும் போவார். அன்று நானும் கூடப் போனேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கணக்கர் எண்ணிப் பார்த்து, சலானில் கையெழுத்துப் போட்டு, வரவு எழுதினார். கட்டு உள்ளே போனது. அப்போதுதான் கடை முதலாளி உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டார்.

"யோவ், ராகு காலத்துல சரக்கை உள்ளே ஏத்தறீங்களே! எடுத்து வெளிய வைங்கய்யா!"

இரண்டு ஆட்கள் ஓடிவந்து கட்டைத் தூக்கி வாசல் ஓரமாகப் பிளாட்பாரத்தில் வைத்தார்கள். கணக்கர் நிதானமாக இன்னொரு புத்தகத்தை எடுத்தார். பேனாவை மையில் தோய்த்தார். 'திரும்பியது, ஐந்து டஜன்' என்று எழுதினார்.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"இது எப்பவும் நடக்கறதா?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"இன்னா சாமி, தெரியாதா? முன்னாடியும் மூணு தபா இங்கியே குந்திக்கினு இருந்துகிறேன். பன்னெண்டு அடிச்சா அவங்களே உள்ளாற தூக்கினு பூடுவாங்க."

சொன்னபடியே பன்னிரண்டு அடித்ததும் ஆட்கள் கட்டை உள்ளே கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினார்கள். கணக்கர் பேனாவைத் தொடவே இல்லை. நான் பாய்ந்தேன்.

"இப்ப உள்ளே போச்சே, அதை எழுதலையா?"

"சலான் எங்கே?"

"அதே சரக்குதானே ஐயா!"

"சலான் இல்லாம வரவு எழுதினா நான் கணக்கனே இல்ல" என்றார்.

கடை முதலாளியிடம் போய் முழுக்கதையையும் சொன்னேன். நல்ல மனிதர், நெற்றியில் அடித்துக்கொண்டார். பணத்தைக் கொடுத்துவிடச் சொன்னார். கணக்கர் அசையவில்லை. எழுதினதை அடிக்க மாட்டாராம். திரும்பிய சரக்கு மறுபடி வந்ததாகச் சலானோடு வரவு வந்தால், கழித்ததை அவரே திருப்பித் தருவாராம். சரக்கை அவர் கண்ணால் பார்க்கவும் வேண்டுமாம். மேஜைமேல் என் சலான் புத்தகத்தை வைத்து நாலு சலான் எழுதினேன். பழைய மூன்று தேதிகளுக்கும் அன்றைக்கும் ஒவ்வொன்று. எல்லாவற்றிலும் 'மறு வரவு, புது பில் கிடையாது' என்று போட்டேன். பழைய சரக்கெல்லாம் எந்தப் பிள்ளைகளின் பையிலோ வாய்ப்பாடு ஏறிக் கிடந்தது. எனவே அன்றைய ஐந்து டஜனையே காட்டுவது என்று முடிவாயிற்று.

ஆனால் அந்தக் கட்டு ஏற்கனவே உள்ளே இருந்தது. வாசல் வழியாக வெளியே எடுத்தால் கணக்கர் அதையும் 'திரும்பியது' என்று எழுதிவிடுவார். அவர் பேனா தயாராகவே இருந்தது. கடை முதலாளிதான் என் காதில், "பின்வாசல் அவர் கணக்குல இல்ல" என்றார்.

வண்டிக்காரர் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், சந்து வழியாகச் சுற்றி, முன்வாசலில் நுழைந்தார். கணக்கர் எண்ணினார், எழுதினார். மறுபடி பின்வாசல், சந்து, முன்வாசல். நாலு சுற்று. ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் அறுபது நோட்டையும் முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது சுற்றில் ஒரு நோட்டு குறைகிறது என்று நிறுத்திவிட்டார். சந்தில் விழுந்து கிடந்ததை ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தேன்.

"இன்னா சாமி, கோயிலா இது, சுத்திக்கினே கீறோம்?" என்றார் வண்டிக்காரர். அவருக்கு என் கைக்காசிலிருந்து இரண்டணா கொடுத்தேன். கணக்கர் பதினோரு ரூபாய் நாலணாவை எண்ணி வைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு, "கணக்குன்னா இப்படி இருக்கணும்" என்றார். அவரை அடிக்காமல் வந்தது என் பொறுமை.

பட்டறைக்கு வந்து பணத்தை வைத்து, நடந்ததைச் சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை. பணத்தை இரண்டு தடவை எண்ணினார்.

"இனிமே ராகு காலத்துல அங்கே சரக்கு அனுப்பாதே" என்றார்.

அவ்வளவுதான். திருடன் என்று நினைத்த ஐந்து நாளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. சாவியை மட்டும் இடுப்பிலிருந்து அவிழ்த்து என் பக்கம் நீட்டினார்.

வாங்கக் கை போனது, நானே இழுத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகால். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எந்தத் தோஷமும் கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

"நேரம் சரியில்லை" என்றேன். "கொஞ்சம் வெளியில இருக்கட்டும்."

அவர் சாவியை மேஜைமேல் வைத்தார். நான் அன்றைய வரவு முழுவதையும் எழுதி முடித்து, மை உலரும்வரை காத்திருந்து, பிறகுதான் எடுத்து இடுப்பில் செருகினேன்.