தேர்ச்சிப் பக்கத்தில் ஒன்பது ஏ

மலேசியாவின் மலாக்காவில், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தியூஷன் சென்டரில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணினி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பதிவு மேசையும் இணையப் பக்கமும்கூட என் தலையில் விழுந்தன. பக்கத்தின் உச்சியில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். கீழே பெரிய எழுத்தில்: "எங்கள் மாணவி, எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ." எந்த ஆண்டு என்று இருக்காது. ஆண்டு போட்டால் பழசாகிவிடும் என்பது சென்டரை நடத்திய சாரின் கருத்து. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆண்டுதோறும் நான் செய்த புதுப்பிப்பு, பக்கத்தின் அடியில் இருக்கும் ஆண்டு எண்ணை மாற்றுவது மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, படிவம் ஐந்தில் படிக்கும், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பியைச் சேர்க்க ஒரு பெண் வந்தாள். வழக்கம்போல் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"இவங்க நம்ம ஸ்டூடன்ட்தான். இங்க படிச்சு ஒன்பது ஏ எடுத்தாங்க."

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அது நான்தான்."

கண்ணாடியையும் வெட்டிய முடியையும் தாண்டிப் பார்த்தால், ஆமாம், அவளேதான்.

"ஒன்பது ஏ சரி. ஆனா இங்க மூணே வாரம்தான் வந்தேன். செஜாரா ரிவிஷனுக்கு மட்டும். படம் போடலாமான்னு யாரும் என்கிட்ட கேக்கல லா."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"அப்ப தம்பிய ஏன் இங்க சேக்குறீங்க?"

"வீட்டுக்குப் பக்கம்."

அன்று மதியமே படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டுச் சாரிடம் சொன்னேன். "மூணு வாரம் வந்தது வந்ததுதானே?" என்றார். சார் செஜாரா எனப்படும் வரலாற்றுப் பாட ஆசிரியர். ஆண்டு எழுதாத விடைக்கு மதிப்பெண் தரமாட்டார். அதை நினைவுபடுத்தினேன்.

"சரி, நீங்களே ஏதாவது செய்ங்க டீச்சர்."

நான் ஒவ்வோர் ஆண்டு மாணவர்களுக்கும் ஒரு தனிப் பக்கம் போட முடிவு செய்தேன். எஸ்.பி.எம்.-க்கு முன் பள்ளி நடத்தும் சோதனைத் தேர்வு வரை எங்களிடம் வந்தவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள். எங்களிடம் படித்த பாடங்கள் மட்டும் வரும். எத்தனை பேர் எழுதினார்கள், எந்தத் தரம் எத்தனை பேருக்கு, சோதனைத் தேர்வில் ஜி, அதாவது தோல்வித் தரம், வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசியில் தேறினார்கள், எத்தனை பேர் முடிவைச் சொல்லவில்லை என்பதையும் போட வேண்டும். பெயரும் படமும் வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தால்தான்.

முடிவு வந்த அன்று ஒவ்வொருவரையும் கைப்பேசியில் கூப்பிட்டு முடிவு ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கணிதத்தில் ஜி வாங்கிய பெண் அனுப்புமுன் கேட்டாள்.

"டீச்சர், என் பேரு வராதுல்ல?"

"வராதும்மா. எண்ணிக்கையில மட்டும்தான்."

"அப்ப போட்டுக்குங்க."

பக்கம் தயாரானது. ஏ கொஞ்சம், சி நிறைய, ஜி இரண்டு. சார் அதைப் பார்த்தபோது, அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவை யாரோ சுவரில் ஒட்டியதுபோல் இருந்தது அவர் முகம்.

"ஊரே மறைக்கிறத நம்மளே போடணுமா?"

அவர் பயந்தபடியே நடந்தது. ஒரு தாயார் அந்த இரண்டு ஜி-யைப் பார்த்துவிட்டு, எதிர்வரிசையில் பேனர் முழுக்க சிரித்த முகங்கள் உள்ள சென்டருக்குப் போனார். அங்கே ஒருவரும் தோற்றதில்லை போலும். எங்களிடம் தோற்ற இருவரில் ஒருவன் அங்கேயும் படித்தவன் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் லோரி ஓட்டும் ஓர் அண்ணன் கைப்பேசியோடு வந்தார்.

"இங்க பாருங்க, சோதனைத் தேர்வுல ஜி வாங்கி, கடைசியில பாஸ் பண்ணவங்க எத்தன பேருன்னு போட்டுருக்கீங்க. நெசமா?"

"நெசந்தான் அண்ணே. ஆனா ரெண்டு பேரு கடைசியிலயும் பெயில்."

"அதையும் பாத்தேன். அத போட்டதாலதான் மத்தத நம்புறேன். என் மவளும் ஜி-தான். ஒன்பது ஏ எடுக்குற புள்ள இங்க எதுக்கு வரப்போவுது?"

மகளைச் சேர்த்துவிட்டுப் போனார். அவரைப் போல் இன்னும் சிலர் வந்தார்கள். அடுத்த ஆண்டு பழைய பக்கத்தை அழிக்காமல் அதன் மேல் புதுப் பக்கத்தைச் சேர்த்தேன். மூன்று வாரக்காரியின் தம்பி கணிதத்தில் பி வாங்கியிருந்தான். இம்முறை அக்காளே கையெழுத்துப் போட்டுத் தம்பியின் படத்தைக் கொடுத்தாள்.

சாருக்கு இப்போது நேர்மை பிடித்துப்போனது. ஒரு நாள் பேனர் கடையிலிருந்து மாதிரி ஒன்றை வாங்கிவந்து என் மேசைமேல் விரித்தார். "மலாக்காவிலேயே மிக நேர்மையான தியூஷன் சென்டர்" என்றிருந்தது.

"சார், மத்த சென்டரெல்லாம் போய்ப் பாத்தோமா?"

"இல்ல."

"அப்ப எப்படிப் போடுறது?"

அவர் பேனாவை எடுத்து 'மலாக்காவிலேயே' என்பதை அடித்தார். கொஞ்சம் யோசித்து 'மிக' என்பதையும் அடித்தார். 'நேர்மையான' என்ற சொல்லின் மேல் பேனா வெகுநேரம் நின்றது.