மூன்று வட்டங்களுக்கு வெளியே

எண்பது வயது தாண்டியும் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் தலைகளை எண்ணுகிறேன். எண்ணியபின் என்னையும் சேர்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடி எண்ணுவேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். காரணத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

முப்பதுகளில், கண்டியில், பாடசாலை விடுதியில் நாங்கள் நாற்பது பேர். தாழ்ந்த ஊர்களில் மலேரியா பரவிக்கொண்டிருந்தது. மார்கழி விடுமுறை நெருங்கியது. எங்கள் கணக்கு மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். விடுதிப் பொறுப்பும் அவருடையது. அவருடைய அலுமாரியில் ஒரு தகர டப்பா நிறைய மலேரியாவுக்கான கொயினா மாத்திரை இருந்தது. அவர் கொடுத்த வீட்டுக்கணக்கில் இரண்டு கேள்விகள்.

முதலாவது, உண்மைக் கணக்கு. காய்ச்சல் ஏறாத மலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள், சொந்தமாக நுளம்பு வலை, அதாவது கொசுவலை, உள்ளவர்கள், வீட்டிலிருந்து கொயினா வந்தவர்கள் என்று மூன்று வட்டம். எதிலும் சேராதவர் எத்தனை பேர்? அத்தனை பேருக்கு மாத்திரை. இரண்டாவது, புத்தகக் கணக்கு. பத்துக் கடிதங்களைப் பத்துப் பெட்டிகளில் போடுகிறோம்; ஒரு பெட்டியில் இரண்டு விழுந்தால், ஒரு பெட்டியாவது வெறுமையாக இருக்கும் என்று நிறுவுக.

வகுப்பில் கணக்கில் முதல்வன் நான். மாஸ்டர் என் விடையைத்தான் எடுப்பார். சாப்பாட்டு மண்டபத்தில் கதிரை மேல் ஏறி நின்று கைகளை உயர்த்தச் சொன்னேன். பன்வில மலைத் தோட்டத்துக்காரன் நான்; வலையும் கொயினாவும்கூட என்னிடம் இருந்தன. மூன்றும் உள்ளவன் நான் ஒருவன்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் எண்ணிய கைகளுடன் என்னைச் சேர்த்தேன். மலை பதினெட்டு, வலை பதினாறு, கொயினா பதினான்கு. கூட்டினால் நாற்பத்தெட்டு.

இரண்டு வட்டத்தில் இருப்பவர்களை இருமுறை எண்ணியிருப்போம். அவர்களைக் கழிக்க வேண்டும். "மலையும் வலையும்?" நான்கு கைகள். "வலையும் கொயினாவும்?" மூன்று. "மலையும் கொயினாவும்?" இரண்டு. மொத்தம் ஒன்பது. மூன்றிலும் இருப்பவனை மும்முறை கூட்டி மும்முறை கழித்துவிடுவதால், கடைசியில் ஒருமுறை திரும்பக் கூட்ட வேண்டும். அது ஒன்று. நாற்பத்தெட்டில் ஒன்பது போக முப்பத்தொன்பது, ஒன்றைக் கூட்ட நாற்பது.

மலைக்குக் கீழே கலகெதரவில் கடை வைத்திருந்தவரின் மகன் என் பக்கத்துக் கட்டில்காரன். கூச்ச சுபாவம். கையை உயர்த்தினானா இல்லையா என்று நான் பார்க்கவில்லை; கைகளைத்தான் எண்ணினேன். தாளை எட்டிப் பார்த்தான்.

"டேய், இதுல நான் எந்த வட்டத்துலடா இருக்கேன்?"

"எங்கயாச்சும் இருப்ப. நாப்பதும் வந்திருச்சில்ல."

"அப்ப சரி, பேராசிரியரே," என்று சிரித்தான்.

மாஸ்டர் தாளை வாங்கினார். "எத்தினை பேர் மிஞ்சினம்?"

"ஒருத்தரும் இல்ல, சேர்."

"நல்லது. அப்ப டப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம். அங்கை சனம் வரிசையிலை நிக்குது."

விடுமுறை முடிந்து முப்பத்தொன்பது பேர் திரும்பினோம். பக்கத்துக் கட்டில் காலி. கலகெதரவில் ஒன்பது நாள் காய்ச்சல் என்றார்கள்.

மாஸ்டர் தாள்களைத் திருத்தியது அதன்பிறகுதான். என்னை மட்டும் அறைக்கு அழைத்தார்.

"சோடி சோடியாய் கேக்கேக்கை உன்னை எண்ணினியோ?"

எண்ணவில்லை. கதிரை மேல் நின்றவன் கை உயர்த்தவில்லை. ஐந்து, நான்கு, மூன்று என்று வந்திருக்க வேண்டும். பன்னிரண்டைக் கழித்திருக்க வேண்டும். விடை முப்பத்தேழு. மூன்று பேர் வெளியே.

"மற்றக் கணக்காலையும் பிடிச்சிருக்கலாம்," என்றார். "மலைக்குப் போகாதவை இருபத்திரண்டு பேர். அவையளிட்டை பதினொரு வலை, பதினொரு பேருக்குக் கொயினா. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. ஆனா மூண்டு பேரிட்டை ரெண்டும் இருந்தது. அப்ப மூண்டு பேர் வெறுங்கை. நீ ரெண்டாம் கேள்விக்குச் சரியாய்த்தானே எழுதியிருக்கிறாய்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நானும் பாக்கேல்லை. ஒரு தரம் வாசிச்சிருக்கலாம்."

பெட்டி வெறுமை என்று அந்தக் கணக்கு சொல்லும். எந்தப் பெட்டி என்று சொல்லாது. ஒருவனை எனக்குத் தெரியும். மற்ற இருவர் யார்? மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முகங்களில் தேடினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. இன்றும் கனவில் முகம் இல்லாத இருவர் கை உயர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டில்காரனின் அப்பா அவன் பெட்டியை எடுத்துப்போக வந்தார். சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். நான்கு சட்டை, இரண்டு வேட்டி.

"தம்பி, இங்க பிள்ளைகளுக்கு மருந்து குடுக்கப்போறாங்கன்னு எழுதியிருந்தான். யார் யாருக்குக் குடுத்தாங்க?"

மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார்.

"யாருக்கும் குடுக்கலீங்க," என்றேன். அது உண்மை.

அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "அப்ப சரி. இவன மட்டும் விட்டுட்டாங்களோன்னு நெனச்சு அவன் அம்மா அழுதுகிட்டே இருக்கா. போய்ச் சொல்றேன்," என்று பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார்.