ஆளுக்கு ஒரு சிலிண்டர்

கோவில்பட்டி பக்கம் ஒரு தீப்பெட்டி ஆலையில் தீயணைப்புப் பயிற்சி கொடுக்க, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்லியிருந்தேன். மேனேஜர் சூப்பர்வைசர்களை மட்டும் அனுப்பினார். குச்சியை மருந்தில் முக்கும் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

எரிச்சலில் அடுத்த முறை நாள் கட்டணமாக மாற்றினேன். எத்தனை பேர் வந்தாலும் ஒரே தொகை. பயணச் செலவும், அடித்துப் பழகும் தீயணைப்புச் சிலிண்டர்களும் தனிக் கணக்கு. ஆலை மொத்தமும் வந்து உட்கார்ந்தது. மேனேஜர் பணம் கட்டியிருந்த சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான்.

"ஒண்ணு போதும் அண்ணாச்சி. நீங்க அடிச்சுக் காட்டுங்க, அவிய பாத்துக்கிடட்டும்," என்றார் மேனேஜர்.

முன்வரிசைப் பெண் ஒருவர் கேட்டார்: "தீ பிடிச்சாலும் பாத்துக்கிட்டே நிக்கவா, சார்?"

இப்போது சிலிண்டர்களையும் நாள் கட்டணத்துக்குள் சேர்த்தே சொல்கிறேன். தொகை கூடிவிட்டது. அந்த ஆலை பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.